அசலா, மாற்றா, மறுநிரப்பா? விலையைப் பார்க்கும் முன் அச்சுமுனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சென்ற ஜூன் விடுமுறையில் என் துணைப்பாட வகுப்பு மாணவி ஒருத்தி, கருத்தறிதல் பயிற்சித்தாளில் ஒரு வரியின் மேல் மஞ்சள் ஹைலைட்டரை இழுத்தாள். எழுத்துகள் கரைந்து, வரி முழுவதும் சாம்பல் நிறத்தில் தீற்றலாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் அச்சடித்த தாளில் அவள் இதையே செய்தபோது எழுத்து அசையவில்லை. அச்சுப்பொறியும் தாளும் அதே. இடையில் நான் செய்தது ஒன்றுதான். தீர்ந்துபோன கறுப்பு கார்ட்ரிட்ஜில், "எல்லா அச்சுப்பொறிகளுக்கும் ஏற்றது" என்று எழுதியிருந்த புட்டியிலிருந்து மையை நிரப்பியிருந்தேன். மறுநிரப்பைப் பற்றி ஒழுங்காகக் கணக்குப் போடவும் குறிப்பெடுக்கவும் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சிங்கப்பூர்க் கடைகளில் மூன்று வகையான கார்ட்ரிட்ஜ் சரக்கு கிடைக்கிறது. அச்சுப்பொறியைத் தயாரித்த நிறுவனமே விற்பது அசல். வேறொரு நிறுவனம் தன் பெயரில் புதிதாகச் செய்து விற்பது மாற்று. பயன்படுத்தி முடித்த அசல் கூட்டைக் கழுவி, மை நிரப்பி விற்பதும், நாமே வீட்டில் ஊசியால் நிரப்பிக்கொள்வதும் மறுநிரப்பு. அசலின் பெட்டியையே நகலெடுத்து விற்கப்படும் போலிச் சரக்கு இந்த மூன்றிலும் சேராது. இணையக் கடைகளில் அசல் என்ற பெயரில் பாதி விலைக்கு வருவதை நான் தொடுவதில்லை, ஏனென்றால் மாற்றை மாற்று என்று தெரிந்து வாங்கினால் அதற்கேற்ற எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். போலியில் அந்த வாய்ப்பே இல்லை.

முதற்படி: கார்ட்ரிட்ஜைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பழுதுபார்ப்பவர்கள் "ஹெட்" என்று சொல்லும் அச்சுமுனைதான் மையைத் தாளின்மேல் தெளிக்கிறது. அது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே, கெட்டுப்போகக்கூடியது பதினெட்டு வெள்ளிப் பொருளா, இருநூற்றைம்பது வெள்ளிப் பொருளா என்பது முடிவாகிறது.

கார்ட்ரிட்ஜின் அடியில் நுண்துளைகள் கொண்ட ஒரு சிறிய உலோகத் தகடும், பக்கவாட்டில் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக உள்ள ஒரு பட்டையும் இருந்தால், அச்சுமுனை கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கறுப்புக்கு ஒன்று, மூன்று வண்ணங்களுக்கும் சேர்த்து ஒன்று என இரண்டே கார்ட்ரிட்ஜ்கள் போடும் மலிவான வீட்டு அச்சுப்பொறிகள் பெரும்பாலும் இவ்வகை. இங்கே பரவலாக விற்கும் எச்பி 680, கேனன் பிஜி-745 ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் கார்ட்ரிட்ஜை மாற்றும்போதெல்லாம் அச்சுமுனையும் புதிதாகிவிடுகிறது. மறுநிரப்பு தவறிப்போனாலும் நட்டம் பெரும்பாலும் அந்தக் கார்ட்ரிட்ஜோடு முடிந்துவிடும்; மை ஒழுகி உட்பக்கம் அழுக்காகலாம், அதைத் துடைத்துவிடலாம்.

நான்கு நிறங்களும் தனித்தனிக் கூடுகளில் இருந்து, அடியில் மை வெளியேறும் ஒரு துவாரம் மட்டுமே தெரிந்தால், அச்சுமுனை அச்சுப்பொறிக்குள் இருக்கிறது. எப்சன், பிரதர் ஆகியவற்றின் மை அச்சுப்பொறிகள் இவ்வகை. கேனனின் தனிக்கூட்டு வகைகள் சிலவற்றில் அச்சுமுனையைக் கழற்றி எடுக்க முடியும். மற்றவற்றில் அது இயந்திரத்தோடு ஒட்டிய உறுப்பு. இங்கே தரமற்ற மை அடைத்துக்கொண்டால், கார்ட்ரிட்ஜை மாற்றுவதால் பயன் இல்லை.

இரண்டாம் படி: பெட்டியில் உள்ள பக்கக் கணக்கை உங்கள் தாளுக்கு மாற்றுங்கள்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, ஐஎஸ்ஓ தரநிலையில் வகுத்த மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சடித்துப் பெற்றது. தடித்த தலைப்பும் கட்டங்களும் நிறைந்த தமிழ்ப் பயிற்சித்தாள் அந்த மாதிரிப் பக்கத்தைவிடக் கூடுதலாக மை குடிக்கும். எச்பி 680 கறுப்புக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு சுமார் 480 பக்கம். என் வகுப்புத் தாள்களுக்கு 350 என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்குப் பொருந்துகிறது.

விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், கணக்கு புரிவதற்காக அசல் 18 வெள்ளி என்று கொள்வோம். 350 பக்கத்துக்கு 18 வெள்ளி என்றால் பக்கத்துக்கு ஐந்து காசுக்குச் சற்று மேல். அடுத்து, கடையில் மறுநிரப்பி விற்கும் அதே கார்ட்ரிட்ஜ் 12 வெள்ளி என்றும், அது 300 பக்கம் தரும் என்றும் கொள்வோம். பக்கத்துக்கு 4 காசு. ஆதாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் நான்கு வாங்கி அதில் ஒன்று வேலை செய்யாமல் போனால், 48 வெள்ளிக்கு 900 பக்கம்தான் கிடைத்திருக்கும். பக்கத்துக்கு 5.3 காசு, அதாவது அசலைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே இந்த வகையில் கடை மறுநிரப்பை வாங்குவது, வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவோம் என்று கடைக்காரர் ரசீதில் எழுதித் தந்தால் மட்டுமே பொருளுள்ளது. வாய்ச்சொல்லை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

நாமே நிரப்பினால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. 100 மில்லி மைப் புட்டி 12 வெள்ளி என்றும், ஒருமுறைக்கு 8 மில்லி போகும் என்றும் வைத்தால், ஒரு நிரப்புக்கு ஏறத்தாழ ஒரு வெள்ளி. அசலை வாங்கி முடித்து, ஒரே ஒருமுறை நிரப்பி, பிறகு கார்ட்ரிட்ஜ் செத்துப்போனாலும்கூட 19 வெள்ளிக்கு 650 பக்கம் கிடைத்துவிடுகிறது. பக்கத்துக்கு மூன்று காசுக்கும் குறைவு. ஐந்து முறை தாங்கினால் 23 வெள்ளிக்கு 1,850 பக்கம், அதாவது ஒன்றேகால் காசு. என்னிடம் பெரும்பாலானவை நான்கைந்து முறை தாங்கின, ஒன்று மட்டும் இரண்டாம் நிரப்பிலேயே போய்விட்டது. அச்சுமுனை கார்ட்ரிட்ஜில் உள்ள வகைக்கு வீட்டு மறுநிரப்பே சரி என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மூன்றாம் படி: நிரப்பும் முறை

புதிய கார்ட்ரிட்ஜைப் போடுவதற்கு முன், பாதுகாப்பு நாடாவை உரித்துவிட்டு, சமையலறை மின்தராசில் எடைபோட்டு எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் தராசாக இருந்தால் நல்லது. தீர்ந்தபின் மறுபடியும் எடைபோட்டால், வித்தியாசம்தான் உள்ளே போக வேண்டிய மை. நிரப்பிய பிறகு எடை புதியதன் எடையை எட்டக் கூடாது. ஒரு கிராம் குறைவாக நிறுத்திவிடுவது என் வழக்கம். உள்ளே இருப்பது மையை உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு பஞ்சு. அது தாங்கும் அளவுக்கு மேல் ஊற்றினால் மை அடியில் சொட்டத் தொடங்கும். இணையக் காணொளிகளில் இத்தனை மில்லி என்று பொதுவாகச் சொல்வதைவிடத் தராசு நம்பகமானது.

எப்போது நிரப்புவது என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். இவ்வகை அச்சுமுனைகளில் ஒவ்வொரு நுண்துளைக்குப் பின்னாலும் ஒரு சிறிய மின்சூடேற்றி இருக்கிறது. அது மையைக் கணப்பொழுதில் கொதிக்கவைத்து ஒரு குமிழை உண்டாக்க, அந்தக் குமிழ் துளியை வெளியே தள்ளுகிறது. சூடேற்றியைக் குளிர்விப்பதும் அதே மைதான். ஆகவே எழுத்து முழுவதும் மறையும்வரை பக்கங்களை ஓட்டினால், மையில்லாமல் சூடேறி அது எரிந்துபோகும். எழுத்து வெளிறத் தொடங்கியதும் நிறுத்தி, அன்றைக்கே நிரப்பிவிட வேண்டும். காலியான கார்ட்ரிட்ஜை மேசையில் ஒரு வாரம் போட்டுவைத்தால் பஞ்சும் துளைகளும் காய்ந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் காயாது என்று நினைக்கலாம்; குளிரூட்டிய அறையில் காய்ந்துவிடும்.

மேலே உள்ள ஒட்டுத்தாளை மெல்ல உரித்தால் சிறு துவாரங்கள் தெரியும். கறுப்பு கார்ட்ரிட்ஜில் நீளமான ஊசியைப் பஞ்சின் பாதி ஆழம்வரை இறக்கி, மிகமெதுவாக, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் பஞ்சுக்குள் காற்றறைகள் உருவாகி மையை வழிமறிக்கும். மூவண்ணக் கார்ட்ரிட்ஜில் எந்தத் துவாரம் எந்த நிறத்துக்கு என்பதை ஊகிக்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சியை விட்டு எடுத்து, நுனியில் ஒட்டியிருக்கும் நிறத்தைப் பாருங்கள். ஒருமுறை நிறங்கள் கலந்துவிட்டால் அந்தக் கார்ட்ரிட்ஜை மீட்க முடியாது. நிரப்பியபின் ஈரமான மெல்லிய தாளில் அடிப்பகுதியை ஒற்றி எடுத்தால், மூன்று நிறங்களும் தனித்தனிக் கோடுகளாகப் பதிய வேண்டும். பிறகு ஒட்டுத்தாளை மூடும்போது காற்று புகும் துவாரத்தை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் இரண்டு பக்கத்துக்குப் பிறகு மை இறங்காது.

அச்சுப்பொறி "மை இல்லை" என்றே தொடர்ந்து சொல்லும். கார்ட்ரிட்ஜில் உள்ள மின்சுற்று பழைய கணக்கை நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு தொடரலாம். இனி மை அளவைத் திரை காட்டாது என்பதால், தராசும் கண்ணும்தான் துணை.

நான்காம் படி: தரத்தைச் சோதியுங்கள்

முதல் சோதனை, அச்சுப்பொறியின் பராமரிப்புப் பட்டியலில் உள்ள துளைச் சோதனைப் பக்கம். அதை இரண்டு முறை அடுத்தடுத்து அச்சடித்து, ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் கோடு விடுபட்டிருந்தால் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது எரிந்துவிட்டது. விடுபட்ட இடம் பக்கத்துக்குப் பக்கம் மாறினால், உள்ளே காற்று இருக்கிறது, அல்லது மை போதிய வேகத்தில் இறங்கவில்லை என்று பொருள். இரண்டாவது நிலையில் சுத்தப்படுத்தும் கட்டளையை மேலும் மேலும் கொடுப்பது வீண். அச்சுமுனை கீழ்நோக்கி இருக்கும்படி கார்ட்ரிட்ஜை ஓர் இரவு வைத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது சோதனை என் மாணவி கற்றுத்தந்தது. மையில் இரண்டு வகை உண்டு: தண்ணீரில் கரையும் சாயம், கரையாத நுண்துகள். சாதாரணத் தாளில் எழுத்து விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும் என்பதற்காகப் பல அசல் கறுப்பு கார்ட்ரிட்ஜ்களில் துகள் மையே இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுப் புட்டிகளிலோ பெரும்பாலும் சாய மைதான். நிரப்பிய மையில் ஒரு வரியை அச்சடித்து, பத்து நிமிடம் கழித்து, ஈரவிரலால் ஒருமுறையும் ஹைலைட்டரால் ஒருமுறையும் இழுத்துப் பாருங்கள். துகள் மையைக் குறிக்கும் "பிக்மென்ட்" என்ற சொல்லைப் புட்டியில் குறிப்பிட்டு, உங்கள் கார்ட்ரிட்ஜ் எண்ணையும் போட்டிருப்பதை வாங்கினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஒருவகை மை இருந்த கார்ட்ரிட்ஜில் வேறுவகையை ஊற்றுவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு: இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் துகள்கள் திரண்டு துளைகளை அடைத்துவிடும்.

மையைக் குறைசொல்வதற்கு முன், அப்போதுதான் பிரித்த தாள்கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து அதே பக்கத்தை அடித்துப் பாருங்கள். வாரக்கணக்கில் திறந்து கிடந்த தாள் நம் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அதில் அசல் மையின் எழுத்தும் ஓரங்களில் கசியும். வண்ணப் படங்களுக்கு ஒரு சோதனை போதும்: ஒரே படத்தை இரண்டு பிரதியெடுத்து, ஒன்றைப் புத்தகத்துக்குள்ளும் மற்றதைச் சன்னல் கண்ணாடியிலும் ஒரு மாதம் வையுங்கள். மாற்று மைகளில் சில வெளிறுவதை அதற்குள் கண்டுபிடித்துவிடலாம். சுவரில் மாட்டும் படத்துக்கு நான் அசலையே பயன்படுத்துகிறேன்.

ஐந்தாம் படி: அச்சுமுனை இயந்திரத்துக்குள் இருந்தால்

இங்கே கணக்கை வேறுவிதமாகப் போட வேண்டும். அசல் கறுப்பு 45 வெள்ளி, மாற்று 12 வெள்ளி, அச்சுப்பொறி 250 வெள்ளி என்று கொண்டால், ஒவ்வொரு கறுப்பு மாற்றிலும் 33 வெள்ளி மிச்சம். புதிய அச்சுப்பொறியின் விலையை மிச்சப்படுத்த எட்டு கார்ட்ரிட்ஜ் ஆகும். மாதம் ஒன்று தீரும் அலுவலகத்துக்கு அது எட்டு மாதம். அதற்குப் பிறகு அச்சுமுனை போனாலும் நட்டமில்லை. ஆண்டுக்கு இரண்டே தீரும் வீட்டுக்கு நான்காண்டு ஆகும். அத்தோடு, நாள்கணக்கில் ஓடாமல் நிற்கும் இயந்திரத்தில்தான் மை காய்ந்து அடைக்கும். சிராங்கூன் சாலைப் பக்கம் சிறு அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கறுப்பை மட்டுமே அன்றாடம் பயன்படுத்தி, நிறங்களில் மாற்றுக் கூடுகளைப் போட்டு இரண்டு மாதம் தொடாமல் விட்டிருந்தார். தீபாவளி வாழ்த்தட்டை அடிக்கப் போனபோது சிவப்பே வரவில்லை. பழுதுபார்க்கக் கேட்ட தொகை புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கியது.

எனவே இவ்வகையில் அடிக்கடி தீரும் கறுப்பை மட்டும் மாற்றுக்குக் கொண்டுபோய், மெதுவாகத் தீரும் நிறங்களில் அசலை வைத்திருப்பதே நடுவழி. எல்லாக் கூடுகளையும் ஒரே நாளில் மாற்றினால், குறை வரும்போது எது காரணம் என்று தெரியாது. ஒன்றை மாற்றி, முப்பது நாற்பது பக்கம் ஓடியபின் துளைச் சோதனை செய்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அடியுங்கள். பழைய கூட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கக் கிளம்பாதீர்கள். திறந்து கிடக்கும் வாயில் மை காய்ந்து, காற்றும் புகும். அடைப்பு வந்தால் சுத்தப்படுத்தும் கட்டளையை மூன்று முறைக்கு மேல் கொடுக்க வேண்டாம். அது மையைத் தின்பதோடு, கழிவு மையை உறிஞ்சும் அடிப்பஞ்சையும் நிரப்பிவிடும். அது நிரம்பினால் இயந்திரம் வேலையை நிறுத்திவிடும்.

சில்லு, மென்பொருள், உத்தரவாதம்

நேற்றுவரை ஓடிய மாற்று கார்ட்ரிட்ஜ் இன்று ஏற்கப்படாமல் போவதற்கு மை காரணமாக இருக்காது; கார்ட்ரிட்ஜை அடையாளம் காட்டும் சில்லும், அதைச் சரிபார்க்கும் அச்சுப்பொறி மென்பொருளும்தான் காரணம். 2016 செப்டம்பரில் எச்பியின் ஒருசில அச்சுப்பொறிகள் மாற்றுச் சில்லு கொண்ட கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுத்தன. எதிர்ப்பு எழுந்தபின் நிறுவனம் அந்தத் தடை இல்லாத மென்பொருளை வெளியிட்டது. ஆனாலும் இந்த ஏற்பாடு இன்றும் பல வகைகளில் தொடர்கிறது. மாற்றைப் பயன்படுத்த முடிவெடுத்தவர்கள், அச்சுப்பொறியின் அமைப்புகளில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைக்கலாம். அப்படிச் செய்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது என்பதை அறிந்தே செய்ய வேண்டும். மற்றொரு வேடிக்கை: 2022இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, கேனன், லேசர் அச்சுப்பொறிகளில் மைக்குப் பதில் போடும் தூளான டோனரின் அசல் கூடுகளையே சில்லு இல்லாமல் அனுப்பி, திரையில் வரும் எச்சரிக்கையைக் கடந்துபோகும் வழியை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, மாற்று மையைப் போட்டதாலேயே அது ரத்தாகிவிடும் என்று கடைகளில் சொல்வது மிகை. எச்பியின் உத்தரவாத வாசகம், அந்த மையால்தான் பழுது வந்தது என்றால் மட்டுமே பழுதுபார்ப்புக்குக் கட்டணம் என்கிறது. மற்ற நிறுவனங்களின் வாசகத்தைப் பெட்டியிலுள்ள தாளில் படித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்கீழ், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்பவர் பொறுப்பு. அந்த ஆறு மாதம் அசலையே போட்டால், "உங்கள் மையால் வந்தது" என்று அவர் சொல்ல இடமிருக்காது.

கறுப்பு வெள்ளை மட்டும் போதும் என்றால்

டோனரும், அந்தத் தூளைத் தாளுக்கு மாற்றும் உருளையான டிரம்மும் தனித்தனியாக உள்ள லேசர் அச்சுப்பொறியில் மாற்று டோனர் போடுவதற்கு நான் தயங்குவதில்லை. பிரதர் டிஎன்-2480 டோனர் 3,000 பக்கம், அதற்கான டிரம் ஏறத்தாழ 12,000 பக்கம் என்பது நிறுவனக் கணக்கு. டோனர் கெட்டதாக இருந்தால் டிரம்மையும் சேர்த்துக் கெடுக்கலாம், ஆனால் காய்ந்து அடைக்க இங்கே எதுவும் இல்லை. போடும் முன் செய்தித்தாளின் மேல் பிடித்துப் பக்கவாட்டில் நாலைந்து முறை மெல்ல ஆட்டுங்கள். தூள் உதிர்ந்தால் உள்ளே வைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிந்திய தூளைக் குளிர்ந்த ஈரத்துணியால் துடையுங்கள். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டும். வீட்டு வெற்றிடத் துடைப்பியின் வடிகட்டி அந்த நுண்துகளைப் பிடிக்காமல் அறை முழுவதும் ஊதிவிடும்.

பக்கத்தில் ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் அடிக்கோலை எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். இந்த வகை பிரதர் இயந்திரங்களில் அது 94 மில்லிமீட்டராக இருந்தால் குறை டிரம்மின் மேற்பரப்பில் உள்ளது. டோனரை மாற்றிப் பயனில்லை. பக்கம் முழுவதும் மெல்லிய சாம்பல் படர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டோனரை. பழைய அசல் டோனரைப் போட்டுப் பார்த்துப் படலம் மறைந்தால் ஐயம் உறுதியாகும். அந்த ஒப்பீட்டுக்காகவே, கடைசியாகக் கழற்றிய அசலை நான் நெகிழிப் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.